கத்தரிப்பூக் கலரில் நானூறு

ஹட்டனில் பஸ் ஏறியதிலிருந்து பூரணிக்கு ஒரே கவலைதான். கூரைமேல் கட்டிய நாலு அட்டைப்பெட்டிகளும் நனையக் கூடாது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, ஆனால் மழை இறங்கவில்லை. கொழும்பிலிருந்து அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. கோட்டை ஸ்டேஷனில் ஒரு ஆமிக்காரன் பெட்டியைப் பிரித்து, ஒரு டீசேர்ட்டை உதறி விரித்து, நெஞ்சில் அச்சடித்திருந்த தமிழ் எழுத்தையும் அதற்குக் கீழே இருந்த கத்தியையும் மாறிமாறிப் பார்த்தான். அது தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி, இது ஒரு பாட்டுக் கோஷ்டியின் சட்டை என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு உதடு காய்ந்துவிட்டது. "பாடிக் காட்டு" என்றான் அவன், சிரித்துக்கொண்டே. அவள் பாடவில்லை. பாடுகிறவன் தம்பி என்றாள். போகச் சொல்லிவிட்டான்.

டிக்கோயாவைத் தாண்டி, தோட்டத்து ரோட்டில் பஸ் திரும்பியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். மேல் டிவிசன் லயத்து வரிசைவீடுகளின் கூரைத் தகரங்களில் நெடுகக் கொடிகள். மூங்கில் கழிகளில் புதுத்துணி. எல்லாம் கத்தரிப்பூக் கலர்.

"என்ன கொடிங்க இது?" என்று பக்கத்தில் கூடையோடு இருந்த பொம்பளையைக் கேட்டாள்.

"தெரியாதா? பழைய தொழிற்சங்கத்த விட்டுப் பிரிஞ்சு வந்தாங்கல்ல, அவுங்க புது சங்கம். நேத்துத்தான் கொடி ஏத்துனாங்க. நீ எங்க போயிருந்த?"

பூரணி ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கூரையைப் பார்த்தாள். கூரைமேல் இருந்த நாலு பெட்டிகளுக்குள்ளும் நானூறு டீசேர்ட். நானூறும் அதே கலர்.

*

அவள் தம்பி யோகேஸ்வரனும் அவன் கூட்டாளிகளும் நடத்திய கோஷ்டிக்குப் பெயர் 'கவ்வாத்து'. தேயிலைச் செடி வயதாகிக் கொழுந்து கொடுக்காமல் நின்றால், முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். மொட்டையாய் நிற்கிற செடி மூன்று மாதத்தில் மறுபடி துளிர்க்கும். அந்த வெட்டுக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். ஒரு கீபோர்ட், ஒரு கிட்டார், ரெண்டு தப்பு மேளம். சினிமாப் பாட்டை விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டையும் கங்காணியையும் மாவு கிடைக்காத கடையையும் பற்றி அவர்களாகவே கட்டிய பாட்டுகள். நோர்வூட்டிலிருந்து தலவாக்கலை வரைக்கும் எந்தத் தோட்டத்துத் திருவிழா என்றாலும் 'கவ்வாத்து' வருதா என்று கேட்டுத்தான் பொடியன்கள் வருவார்கள். கோஷ்டிக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சங்கத்து மேடையிலும் ஏறுவதில்லை. தப்பு அடிக்கிற முனியாண்டியின் அப்பா பழைய சங்கத்தில் மாவட்டத் தலைவர். கிட்டார்க்காரனின் மாமா பிரிந்து போனவர்களில் ஒருத்தர். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் கோஷ்டி ஒரு நாள் நிற்காது.

பூரணி குவைத்திலிருந்து வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. நாலு வருஷம் ஒரே வீடு. காலையில் முதலாளியம்மா வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவாள். சமைக்கிற குசினியின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பூட்டுகிற சத்தம் மட்டும்தான் அவளுக்கு அந்த ஊரில் நன்றாகப் பழக்கமான சத்தம். திரும்பி வந்ததும், இனிப் போவதில்லை என்று அம்மா ராக்காயியிடம் சொன்னாள்.

"போகாட்டி என்ன செய்வ? பேரு பதிஞ்சு கொழுந்தெடுக்கப் போறியா?" என்றாள் ராக்காயி. "உன்னால ஒரு நாளைக்கு நிக்க முடியாது, அந்த அட்டைக் கடியில."

"ஏதாச்சும் செய்றேன்."

"ஏஜென்ட்டு வந்துட்டுப் போனான். பாஸ்போட்டு கையில இருந்தா ஒரே மாசத்துல அனுப்புறானாம்."

அந்த 'ஏதாச்சும்' ஒரு திருவிழாவில் தானாக வந்தது. நாலு பொடியன்கள் மேடைக்குப் பின்னால் வந்து, யோகேஸ்வரன் போட்டிருந்த சேர்ட்டைக் காட்டி, "அண்ணே, இந்தக் கத்தி படம் போட்டது எங்களுக்கும் கெடைக்குமா?" என்று கேட்டார்கள். யோகு அதை மார்க்கர் பேனையால் சேர்ட்டில் தானே வரைந்திருந்தான். பொடியன்கள் போனதும் பூரணிக்குத் தூக்கம் வரவில்லை.

ஹட்டனில் பரமலிங்கம் மாஸ்டருக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, பென்ஷன் எடுத்தபிறகும் திரும்பிப் போக முடியாமல் ஹட்டனிலேயே தங்கிவிட்டவர். பாஸ்போர்ட் படம், போட்டோ கொப்பி, கல்யாணக் கார்ட். மூலையில் கோப்பையிலும் சேர்ட்டிலும் படம் பதிக்கிற ஹீட் பிரஸ் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது.

"பிள்ளை, கொம்பியூட்டர்ல படத்தைத் திருப்பிப் போட வேணும். கண்ணாடியில பாக்கிற மாதிரி" என்று அவர் சொன்னார். அவள் கவனிக்கவில்லை. முதல் சேர்ட்டில் 'கவ்வாத்து' வலமிருந்து இடமாக விழுந்தது. அதை ராக்காயி அடுப்புத் துடைக்க எடுத்துக்கொண்டாள்.

வேலை எளிதாகத்தான் இருந்தது. ஆர்டர் வந்தால் மட்டும் அடிப்பது. ஒருத்தன் வந்து எம் சைஸ், மஞ்சள் என்றால் ஒரு மஞ்சள் சேர்ட். கையில் சரக்கு தேங்குவதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சப்பென்று போய்விடும். வெறும் சேர்ட் நூற்றெழுபது. பேப்பரும் மையும் ஐம்பத்தைந்து. மெசினுக்கும் கரண்டுக்கும் மாஸ்டருக்கு நாற்பது. பன்னிரண்டுக்கு ஒன்று கருகியோ கோணலாகவோ போய்விடும், அந்த நட்டத்தைப் பங்கு போட்டால் சேர்ட்டுக்குப் பதினைந்து. விற்பது முந்நூற்றைம்பதுக்கு. அதற்கு மேல் தோட்டத்துப் பொடியன்கள் கொடுக்க மாட்டார்கள். எழுபது ரூபாய் நின்றது. அந்த எழுபதில்தான் பஸ் காசு.

அதோடு இன்னொரு தொல்லை. பேப்பரிலிருந்து சூட்டில் ஒட்டுகிற படம் துணிக்கு மேலே தோல் மாதிரிக் கிடக்கும். மெதுவாகக் கசக்கினால் கிடக்கும். லயத்தில் யார் மெதுவாகக் கசக்குகிறார்கள்? பீலிக் குழாயில் விழுகிற தண்ணியில் நனைத்து, கல்லில் ஓங்கி அடிப்பார்கள். மூன்றாம் துவைப்பில் கத்தி ரெண்டாக உடைந்தது. நாலாவதில் 'கவ்வாத்து' 'கவாது' ஆகிவிட்டது.

"அக்கா, ஓங்க சட்டை சலவைக்குப் பயந்தாங்கொள்ளி" என்று ஒருத்தன் சொல்லிவிட்டுப் போனான்.

ஸ்கிரீன் பிரிண்ட் அப்படி இல்லை, மை துணிக்குள் இறங்கிவிடும் என்று கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு அச்சுக்காரர் சொன்னார். ஆனால் நாலு அடிக்க மாட்டார், நாற்பது அடிக்க மாட்டார். ஒரே கலரில் நானூறு எடுத்தால், வெளிநாட்டு ஓர்டர் கான்சலாகித் தேங்கிய சேர்ட் அவரிடமே தொண்ணூறுக்கு இருக்கிறது. அச்சுக்கு முப்பது. ஸ்கிரீன் செய்கிற செலவையும் ரயில் கூலியையும் சேர்த்தால் பத்து. ஆக நூற்று முப்பது.

"சட்டைக்கு இருநூத்தி இருவது நிக்கும்" என்றாள் பூரணி தம்பியிடம். "நூத்தம்பது வித்தாலே போட்ட காசு வந்துரும். மிச்சம் இருநூத்தம்பதும் நமக்கு."

"விக்காட்டி?"

"அதான் பாத்தேன்ல. மூணு மாசமா ஒன்னொன்னா அடிச்சதுல எந்த கலரு ஓடிச்சுன்னு பாத்தேன். வெள்ளை ஒம்பது. மஞ்சள் ஏழு. நீலம் பதினொன்னு. இளங் கத்தரிப்பூ ஐம்பத்தி மூணு! ஒங்க ரசிகர்களுக்கு அந்தக் கலரு பைத்தியம்டா."

யோகு அப்போது புதுப் பாட்டுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். "நீதான் கணக்குப் பாப்ப" என்று சொல்லிவிட்டு கீபோர்டுப் பக்கம் திரும்பிவிட்டான்.

மாஸ்டர் மட்டும் கேட்டார். "உம்மட கணக்கு சரிதான் பிள்ளை. ஆனா ஒரே நிறமோ? அந்த ஐம்பத்தி மூண்டு பேரும் ஆரெண்டு பாத்தனீரோ?"

"பொடியன்க தானுங்களே மாஸ்டர்."

"ஓம், பொடியள்தான்" என்று அவரும் விட்டுவிட்டார்.

குவைத்துப் பணத்தில் மிஞ்சியிருந்தது அநேகமாக எல்லாம் புறக்கோட்டைக்குப் போனது.

*

தைப்பொங்கலன்று கீழ் டிவிசன் கோவில் மைதானத்தில் நிகழ்ச்சி. பூரணி மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, பெட்டியைத் திறந்து, நாலு சேர்ட்டைக் கயிற்றில் தொங்கவிட்டாள். சங்கம் சங்கம்தான், சட்டை சட்டைதான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மேல் டிவிசன் பொடியன்கள் முதலில் வந்தார்கள். கத்தினார்கள், விசிலடித்தார்கள், உடனே வாங்கி உடனே போட்டுக்கொண்டார்கள். மளமளவென்று நாற்பது, ஐம்பது. பூரணிக்கு மனது லேசானது.

"ஏன்டா தம்பி, எல்லாருக்கும் இந்தக் கலருதான் புடிச்சிருக்கு?" என்று ஒருத்தனைக் கேட்டாள்.

அவன் அவளை வேடிக்கையாகப் பார்த்தான். "என்னக்கா தெரியாத மாதிரி கேக்குறீங்க? கொடி கலரு முடிவானது ஐப்பசியிலேயே. வாலிபர் அணி கூட்டத்துல சொன்னாங்க. கொடி வர்ற வரைக்கும் போட்டுக்கிட்டுத் திரியிறதுக்கு என்ன இருக்கு? அதான் ஒங்ககிட்ட அடிச்சோம். நீங்களும் நம்ம பக்கம்னு இப்பத்தானே வெளிச்சமா தெரியுது!"

அவள் கை சேர்ட்டை மடித்தபடியே நின்றுவிட்டது.

ஐம்பத்து மூன்று பேரும் கலரைத்தான் வாங்கினார்கள். கவ்வாத்தை வாங்கவில்லை. எது ஓடுகிறது என்று மட்டும் எண்ணினாள். யார் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கவில்லை.

பழைய சங்கத்துக் கீழ் டிவிசன்காரர்கள் மேசைக்குக் கிட்ட வந்து, பார்த்து, கைகட்டி நின்றார்கள். ஒரு பொடியனுக்கு ஆசை. தொட்டுப் பார்த்தான். "வேற கலரு இல்லையாக்கா?"

"இல்லடா. நல்ல அச்சு. கல்லுல அடிச்சாலும் போகாது."

"அச்சுக்கென்ன. இதப் போட்டுக்கிட்டு லயத்துக்குள்ள போனா எங்கப்பா எனக்குச் சோறு போடமாட்டாரு." பக்கத்தில் நின்றவன் சிரித்தான். "சோறா? தோல உரிச்சுருவாரு."

மேடையில் நாலாவது பாட்டு ஓடும்போது பின்பக்கமிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. முனியாண்டி தப்பை நிறுத்தினான். கூட்டத்தைப் பார்த்தான். முன்வரிசை முழுக்கக் கத்தரிப்பூ, நெஞ்சு நெஞ்சாகக் கவ்வாத்துக் கத்தி. பிறகு மேசைக்குப் பின்னால் நின்ற பூரணியைப் பார்த்தான். தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

அறுபது விற்றிருந்தது. முந்நூற்று நாற்பது மிச்சம்.

*

அதற்குப் பிறகு கவ்வாத்தை எந்தத் தோட்டமும் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. பழைய சங்கத்துத் தோட்டங்கள் கூப்பிடவில்லை. மாசித் திருவிழாவுக்குப் பேசியிருந்த மூன்று இடத்தில் ரெண்டு பேர், "பிறகு பாப்பம் தம்பி" என்று சொல்லிவிட்டார்கள்.

பெட்டிகள் லயத்துக் காம்பராவில் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. பத்தடிக் காம்பராவில் அவைதான் இப்போது சுவர். ராக்காயி அதன்மேல் கடவுள் படத்தை வைத்துவிட்டாள்.

"ஏஜென்ட்டு திரும்பவும் வந்தான், பாஸ்போட்ட வாங்கிட்டுப் போனான்" என்றாள் ஒரு நாள், பெட்டியைப் பார்த்தபடியே. "அதே வீட்டுல ஆள் கேக்குறாங்களாம்."

"அதே வீடா?"

"நீ நல்லா வேலை செஞ்சேன்னு அந்தம்மா சொல்லிச்சாம்."

பூரணி எழுந்து வாசலுக்குப் போனாள். வாசலிலிருந்து பார்த்தால் தேயிலை மலை. எதிர் மலையிலும் தேயிலை. அதற்குப் பின்னாலும் தேயிலைதான். எந்தப் பக்கம் பார்த்தாலும் யாரோ வெட்டி மட்டம் செய்து வைத்த மாதிரி.

ரெண்டு சங்கமும் ஆள் நிறுத்தியிருந்த தேர்தலுக்கு மூன்று கிழமை இருக்கும்போது அழகுமுத்து வந்தார். புது சங்கத்தின் பிரதேச அமைப்பாளர். முன்பு கணக்கப்பிள்ளையாக இருந்தவர், இப்போது வேன் வைத்திருந்தார். காம்பராவுக்குள் வராமல் வாசலில் நின்றே பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, சுத்தி வளைக்காம சொல்றேன். மிச்சம் இருக்கிற அம்புட்டையும் நான் எடுத்துக்கிறேன். ஒன்னு இருநூத்தம்பது. முதுகுல நம்ம வேட்பாளர் படம் மட்டும் வேணும். கடைசிக் கூட்டத்துக்கு தம்பி ரெண்டு பாட்டு பாடட்டும். அவ்வளவுதான்."

"படம் வேணும்னா கொழும்புலதான் அடிக்கணுங்க. முகத்துக்கு நாலு கலர், நாலு ஸ்கிரீன். முந்நூத்தி நாப்பதுக்கு அது கட்டாது."

"கொழும்பு எதுக்கு? மாஸ்டரு மெசின்ல ஒன்னொன்னா அடி."

"அது கழுவினா போயிருங்க."

அழகுமுத்து சிரித்தார். "எலெக்ஷன் வரைக்கும் நின்னா போதும் தங்கச்சி. அதுக்கப்புறம் யாரு அந்த மூஞ்சியப் பாக்கப் போறா?"

"இல்லீங்க. கோஷ்டி எந்த சங்கத்துக்கும் பாடாது."

"பாடாதா?" அவர் ரோட்டைப் பார்த்தார். "போய் ரோட்டுல கேளு. நீங்க ஏற்கனவே பாடிட்டீங்கன்னுதான் சொல்றாங்க."

அவர் போனதும் பூரணி ஒரு முடிவுக்கு வந்தாள். சட்டையின் கலர்தானே குற்றம்? கலரை மாற்றிவிட்டால்? ஹட்டன் கடையில் கறுப்புச் சாயத்தூள் வாங்கினாள். பருத்தித் துணிக்கு நன்றாகப் பிடிக்கும் என்றார் கடைக்காரர். அச்சு மை ரப்பர் மாதிரி, சாயம் அதில் ஏறாது. ஆக, கறுப்புச் சேர்ட்டில் வெள்ளைக் கத்தி. நினைத்துப் பார்க்கவே நன்றாக இருந்தது. தூளும் உப்பும் விறகும் சேர்த்தால் சேர்ட்டுக்கு நாற்பத்தைந்து. முந்நூறுக்கு விற்றாலும் நூற்றிருபத்தைந்து நிற்கும்.

நானூறை ஒரே மூச்சில் வாங்கியவள் இந்த முறை ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தாள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்பைப் போட்டு, குச்சியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். யோகு குந்திக்கொண்டு பார்த்தான். தூக்கியபோது ரெண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அருமையான கறுப்பு. கத்தி பளிச்சென்று வெள்ளை.

பீலியில் அலசிக் கொடியில் போட்டாள். தண்ணீர் வடிய வடிய, தோளிலும் கையிலும் கழுத்திலும் ஒரு கோடு தெரிய ஆரம்பித்தது. தையல். துணிதான் பருத்தி, தைத்த நூல் நைலோன் மாதிரி ஒன்று. அதில் சாயம் ஏறவில்லை. கறுப்புக்குள்ளே ஒவ்வொரு தையலும் கத்தரிப்பூக் கலரில், பென்சிலால் வரைந்த மாதிரி ஓடியது.

ராக்காயி வந்து பார்த்தாள். "உள்ள என்ன இருந்திச்சோ அதைத்தானே காட்டும்" என்றாள், கெட்ட எண்ணத்தோடு அல்ல.

"நூல யாரும்மா பாக்கப் போறா?"

"நானே பாத்துட்டேனே."

யோகு அந்தச் சேர்ட்டைக் கொடியிலிருந்து எடுக்கவே இல்லை. தையலை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

"முனியாண்டிட்ட காட்டவா?" என்றாள் பூரணி.

"வேணாம்க்கா."

"கறுப்புன்னா வாங்குவான்."

"அவன் வாங்குவான். அவங்கப்பா அந்தத் தையல் கோட்டைக் கண்டுபுடிப்பாரு. பொறகு ஒளிச்சு விக்கிறோம்னு சொல்லுவாங்க. இப்பவாச்சும் வெறும் முட்டாள்தனம்னு நெனைக்கிறாங்க."

*

ரெண்டு நாள் கழித்து அவள் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, பெட்டிகளின்மேல் இருந்த கடவுள் படம் கட்டிலில் கிடந்தது. பெட்டிகளைக் காணவில்லை. சுவர் ஒன்று போனது போல காம்பரா அகலமாக இருந்தது.

யோகு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"வேன்ல ஏத்தியாச்சு. மாஸ்டரு கடைக்குப் போகுது" என்றான். "பாதிப் பணம் குடுத்துட்டாரு. படம் அடிச்சதும் மிச்சம்."

"நான் மாட்டேன்னு சொன்னேன்ல?"

"நீ சொன்ன. நான் சொல்லலையே."

"முனியாண்டி?"

"சொல்லிட்டேன். இங்க கெடந்த மத்தத் தப்பையும் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு வந்தான். ரெண்டு தப்பும் அவன் வீட்டுதுதானே." அவன் தலையைச் சொறிந்தான். "கீபோட்ல தப்பு சத்தம் இருக்குக்கா. தகரம் மாதிரி இருக்கும். சமாளிச்சுக்கலாம்."

"ஏன்டா? என்னைக் கேட்டியா?"

"நீ அங்க போயி ஜன்னலத் தொறந்து அடுத்த வீட்டு செவுத்த பாத்துக்கிட்டு இருப்ப. நான் இங்க நின்னு சுத்தமா பாடிக்கிட்டு இருக்கவா?" குரல் உடைந்தது. பாடுகிற குரல், உடையும்போதும் நன்றாகத்தான் இருந்தது. "ஏஜென்ட்டுகிட்ட சொல்லிட்டேன், வரவேணாம்னு. ஒன் பாஸ்போட்ட வாங்கி அம்மாட்ட குடுத்துருக்கேன்."

பூரணிக்குத் திட்ட வாய் வந்தது. எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. ஏஜென்ட் வரமாட்டான் என்று கேட்டதும் முதலில் வந்தது நிம்மதிதான். அது வந்ததுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

*

போயா தினம், பௌர்ணமி லீவு. ஹட்டனில் கடைகள் பூட்டு. மாஸ்டர் அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தார்.

"நான் ரெண்டு பகுதிக்கும் படம் எடுக்கிற ஆள், பிள்ளை. கதவு திறந்திருந்தா ஆரும் பாப்பினம். போன கிழமை கத்தரிப்பூப் போஸ்டர் ஒட்டின கடைக்குக் கல்லெறிஞ்சவங்கள். நான் வெளியால பூட்டிப்போட்டுப் போறன். மத்தியானம் சாப்பாடு கொண்டு வாறன்."

"வெளியேவா பூட்டுவீங்க?"

"உள்ளுக்குப் பூட்டினா பூட்டு இல்லாம ஷட்டர் தனிய இறங்கிக் கிடக்கும். சந்தேகப்படுவாங்கள். ஏன், பயமோ?"

"இல்லீங்க மாஸ்டர்."

ஷட்டர் இறங்கியது. சங்கிலி ஓடியது. பூட்டு கடித்தது. அந்தச் சத்தத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

லைட்டைப் போட்டாள். மெசின் சூடேறும் வரைக்கும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பழக்கத்தில் கணக்குப் பார்த்தாள். சட்டை அடக்கம் நூற்று முப்பது. சின்னப் படம்தான், ஒரு பேப்பரில் ரெண்டு முகம். பேப்பர், மை, மெசின், கருகுவது எல்லாம் சேர்த்து ஐம்பது. இருநூற்றைம்பதில் நூற்றெண்பது போனால் எழுபது. முதல் சேர்ட்டில் நின்ற அதே எழுபது.

கணக்கு சரியாகத்தான் வந்தது. முதலும் கைக்கு வரும், கொஞ்சம் மேலேயும் வரும். அதை வைத்து மறுபடி வெறும் சேர்ட் வாங்கலாம், எல்லாக் கலரிலும் வாங்கலாம். யார் நெஞ்சில் எதை அடிப்பது என்பதுதான் தெரியவில்லை. ரெண்டு தப்பும் போன பிறகு கவ்வாத்து என்று எழுதிய சட்டையை யார் கேட்டு வருவார்கள்?

முதல் சேர்ட்டை முதுகு மேலாக விரித்தாள். ஈரமும் சுருக்கமும் போக ஒரு தரம் வெறுமனே அழுத்தினாள். பேப்பரைக் குப்புற வைத்தாள். கைப்பிடியை இறக்கினாள். நேரத்தை எண்ண வேண்டியதில்லை, மெசினே மணி அடிக்கும். அடித்தது. ஆறுவதற்குள் பேப்பரின் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள்.

வேட்பாளர் சிரித்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பல். அந்தப் பேப்பரில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. படத்தில் எங்கெல்லாம் வெள்ளையோ அங்கெல்லாம் துணியின் கலர்தான் தெரியும். சட்டை கத்தரிப்பூ, பல் கத்தரிப்பூ, கண்முழியைச் சுற்றியும் கத்தரிப்பூ. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அழகுமுத்து பார்த்தால் அதுவும் நல்லதுதான் என்பார்.

சேர்ட்டைப் புரட்டினாள். முன்பக்கம் கவ்வாத்துக் கத்தி அசையாமல் இருந்தது. கல்லில் அடித்தாலும் போகாது. தேர்தல் முடிந்து, முதுகில் இருக்கிற முகம் மூன்று துவைப்பில் உரிந்து போனபிறகும் இது கிடக்கும். வருஷக் கணக்கில் கிடக்கும். மலை மலையாக, லயம் லயமாக இதைப் போட்டுக்கொண்டு திரிவார்கள். அதற்குத்தான் அவள் ஆசைப்பட்டாள்.

நூறு தாண்டியதும் வெளியே யாரோ ஷட்டரில் தட்டினார்கள். கை நின்றது. மாஸ்டராக இருந்தால் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டிருக்கும்.

"யாரு?"

"நான்தான்க்கா. முனியாண்டி."

அவள் ஷட்டருக்குக் கிட்டப் போனாள். தகரத்தின் கீழே அவன் செருப்பு தெரிந்தது.

"யோகு சொன்னான், நீங்க இங்கன்னு" என்றான். "கறுப்புல ஒன்னு போட்டீங்களாமே. அது யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"இல்ல. வீட்டுல கெடக்கு. தையல் எல்லாம் கத்தரிப்பூ தெரியும்டா."

"தெரியட்டும். தையல அம்மாவ விட்டுப் பிரிச்சு கறுப்பு நூல்ல தைக்கச் சொல்றேன். எவ்வளவு?"

"சும்மா எடுத்துக்க."

"சும்மா வேணாம்க்கா. முந்நூத்தம்பதுதானே வெலை? ரசிகனுக்கு ஒரே வெலைதான்னு நீங்கதானே சொல்லுவீங்க." தகர இடுக்கில் மூன்று நூறு ரூபாய் நோட்டு உள்ளே வந்தது. பிறகு ஒரு ஐம்பதும். "தப்புச் சத்தம் கீபோட்ல வைக்கிறானாம். கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்திச்சு. அவன்ட்ட சொல்லுங்க, அந்த ரெண்டாம் பாட்ட அதுல வாசிக்க வேணாம்னு. கேவலமா இருக்கும்."

"நீயே சொல்லேன்டா."

செருப்பு போகத் திரும்பி, மறுபடி தகரத்துக்குக் கிட்ட வந்தது. "கதவத் தொறங்களேன்க்கா" என்றான் பிறகு, "ஒரு நிமிசம் பேசிட்டுப் போறேன்."

பூரணி உள்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தகரம் ஒரு விரல் உயரம் எழும்பி, சங்கிலியில் தட்டி நின்றது.

"வெளியே பூட்டியிருக்குடா" என்றாள்.

"ஓ" என்றான் அவன்.

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அவள் நோட்டுகளை எடுத்து மடித்தாள். ஒரே ஒரு சேர்ட், கேட்டு வந்த ஒருத்தனுக்கு. நூற்று முப்பதும் நாற்பத்தைந்தும் போனால் பாதிக்குப் பாதி நிற்கும், இதுவரை விற்றதில் இதற்குத்தான் மனசு நிறைந்தது.

பின்னால் மெசின் மணி எப்போதிருந்தோ அடித்துக்கொண்டிருந்தது. அழுத்திவிட்டு வந்த சேர்ட் ஒன்று உள்ளே இருந்தது ஞாபகம் வந்தது. ஓடிப் போய்க் கைப்பிடியைத் தூக்கினாள். கருகவில்லை. முகம் மட்டும் ஒரு பங்கு கூடுதலாகக் கறுத்திருந்தது.

அதையும் மடித்து மற்றதோடு வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்து விரித்தாள்.